மூன்று காசு, ஆறு கோடு

மகள் அர்ச்சனாவின் வாழ்க்கைக்கு வழி சொல்ல அரியாங்குப்பம் தமிழ்க்குமரன் கேட்டது நூறு ரூபாய். காசு உருட்டிச் சீனத்துச் சாத்திரம் பார்ப்பவன். ஆளைச் சொன்னது அவள்தான். கடலூர் மாப்பிள்ளையை முடிக்கலாமா என்று பார்க்கப் போனோம். ஏமாந்துவிடக் கூடாதே என்று மூன்று காசையும் என் பையிலிருந்தே கொடுத்தேன்.

"கேள்விய மனசுல நெனச்சுக்கினு ஆறு தரம் போடுங்க," என்றான்.

அர்ச்சனா போட்டாள். தலைக்கு மூன்று, பூவுக்கு இரண்டு. கூட்டினால் ஒற்றைப்படைக்கு முழுக்கோடு, இரட்டைப்படைக்கு உடைந்த கோடு. கீழிருந்து மேலாக வரைந்தான்: உடைந்தது இரண்டு, முழுசு ஒன்று, உடைந்தது ஒன்று, முழுசு இரண்டு. நானும் கூடவே கூட்டிப் பார்த்தேன், தப்பில்லை.

"மலைமேல மரம், மெதுவாத்தான் வளரும். காட்டு வாத்து கரையில இருந்து படிப்படியா மேல போவுது. கல்யாணம் நல்லா அமையும். அவசரப்பட்டா கெட்டுடும்."

கடலூர்க்காரர்களை ஆறு மாதம் காக்க வைத்தேன். அவர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாடி, அவன் சொன்னது பொய்யாப் பூடுச்சே!"

"இல்லப்பா. நான் கடலூர்க்காரர நெனச்சுப் போடல."

"பின்ன யார?"

"கோடு போட்டவர. மூணு வருசமாப் பேசுறோம். கல்யாணம் ஆவுமான்னு கேட்டேன்."

பையைத் திறந்து எண்ணினேன். அன்றைக்குத் திரும்ப வாங்கி வந்த காசு மூன்றும் சரியாக இருந்தது. மகள்தான் குறைகிறாள்.