அமைதியான மூலை

விடுதிக்காரி சொல்லச் சொல்ல, கணவன் செல்போனில் தட்டினான். அவர்களுக்கு மிகவும் வேண்டிய விருந்தினர் அடுத்த வாரம் வருகிறார். மேடு ஏறாமல் நடக்க ஒரு வழி, காரமில்லாத சாப்பாடு, உட்கார்ந்து படிக்க அமைதியான மூலை என்று வழக்கம்போல் முன்கூட்டியே யோசனை கேட்டிருந்தார்.

"காலைல கால்வாய்க் கரையில நடங்க. சமதரை, நிழல் உண்டு."

"தோல் ஆலைக் கழிவு ஓடுதே, அங்கயா?"

"எழுதுங்க. மதியம் பஸ் ஸ்டாண்ட் ஓட்டல். காரம் வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க."

அங்கே சாப்பிட்டு அவனே ஒருமுறை படுக்கையில் விழுந்திருக்கிறான்.

"படிக்கறதுக்கு, சந்தைக்குப் பின்னால பெஞ்ச்."

"மீன் கழிவு கொட்டற இடம்டி அது. நம்ம மேல உயிரா இருக்கற மனுஷனுக்கா இப்படி?"

"அனுப்புங்க."

அவள்மேல் அருவருப்போடு அனுப்பினான்.

இரண்டு நாள் கழித்து, அவள் அன்றைய நாளிதழின் பயணப் பக்கத்தை நீட்டினாள். விருந்தினரின் படத்துக்குக் கீழே அவன் படித்தான்: 'நேற்று கால்வாய்க் கரையில் நடந்தேன். காற்றெல்லாம் பூ வாசம். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் அமுதம். சந்தைக்குப் பின்னாலுள்ள பெஞ்சில் மாலைவரை படித்தேன்.'

"இன்னும் ஊருக்கே வரலையே இந்த ஆளு."

"நாம தனியா போய் உட்கார்ற ஏரிப் படியையும் போன வருஷம் நாம சொன்னதை வச்சு இப்படித்தான் எழுதினாரு. இப்ப அங்க கால் வைக்க இடமில்ல. அப்ப அவரு முட்டி வலின்னு ரூமை விட்டே இறங்கல."

அவன் நாளிதழைத் தூர எறிந்தான்.

"வரட்டும். அந்த பெஞ்சுக்கு நானே தூக்கிட்டுப் போறேன்."