சம்பந்தியின் குடை

சம்பந்தியம்மா நாச்சியம்மாள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்வரை செங்கோடன் உட்காரவே இல்லை. அது அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கூடத்தில் சம்பந்தியம்மாவின் பெல்ஜியம் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கிடந்தது.

“தப்பு என்மேலதானுங்க, சம்பந்தியம்மா. செருப்பைக் கழட்டிப்போட்டுத் திரும்புனனுங்க, கக்கத்துல இருந்த குடை பட்டு உளுந்துபோச்சு. மன்னிச்சுப்போடோணும்.”

“எங்கம்மா சீதனமாக் குடுத்ததுங்க.”

“தெரியுமுங்க. தேக்குச் சட்டத்துக்கு ஒண்ணும் ஆகலீங்க. டவுன்ல குடுத்து, அதே கனத்துல கண்ணாடி வெட்டி, ஓரத்தை இதே மாதிரி சரிவாச் சாணை புடிச்சு, நானே கொண்டாந்து மாட்டறனுங்க.”

“அதெல்லாம் வேண்டாமுங்க. விருந்தாளி கை பட்டதுக்குப் போயி...”

“செஞ்சாத்தானுங்க இந்த ஊட்டுல எனக்குச் சோறு எறங்கும்.”

நாச்சியம்மாள் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரிங்க, செய்யுங்க. ஒடச்சது நீங்களாப் போயிட்டீங்க. உங்க புள்ள ஒடச்சிருந்தா நடக்கறதே வேற.”

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

சாப்பிட்டுவிட்டு, சட்டத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு செங்கோடன் கிளம்பினார். வாசல்வரை வந்த மகள் பூங்கொடி கண்ணைத் துடைத்தாள்.

“காத்தால நான் ஒடச்சுப்போட்டு போன் பண்ணுனதுக்கு, காங்கேயத்துலிருந்து பஸ் ஏறி வந்து நீங்க ஏத்துக்கிட்டீங்களேப்பா.”

“மெதுவாப் பேசு கண்ணு.”

“ஏனுங்க சம்பந்தி!”

நாச்சியம்மாள் வந்துகொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய தன் வீட்டுக் குடையை எடுத்து வந்து செங்கோடனிடம் நீட்டினார்.

“இந்தாங்க. கண்ணாடி மாட்ட வாரப்பவாச்சும் கையில குடையோட வாங்க.”