ஆறில் செவ்வாய்

செங்கல் சூளையில் பொதி சுமந்த சிங்காரம் என்ற கழுதைக்கு, வல்லி என்ற புதுக் கழுதை வந்ததும் நிம்மதி போயிற்று. வேலை பறிபோய்விடுமோ என்று சுவரிலிருந்த பல்லி ஜோசியரிடம் ஓடியது.

"ஜாதகத்தில் ஆறாம் வீடுதான் அன்றாட வேலை, ஊழியம், கூட வேலை செய்கிறவர்கள், போட்டி எல்லாம். உமக்கு அங்கே செவ்வாய் இருக்கிறார். பாவக் கிரகம் ஆறில் இருந்தால் நல்லதுதான். போட்டிக்கு வந்தவர் தோற்பார். வளரும் வீடு அது, நாளாக நாளாகப் பலன் கூடும்," என்றது பல்லி.

சிங்காரத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வல்லி ஒரு நடை போனால் அது இரண்டு நடை ஓடியது.

"அண்ணே, சேர்ந்தே போகலாமே," என்று வல்லி கெஞ்சியும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் முதலாளி, "இது ஒன்றே போதும்," என்று வல்லியை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டார். வல்லியின் பொதியும் சிங்காரத்தின் முதுகில் ஏறியது.

"ஜெயித்தீரா?" என்று கேட்டது பல்லி.

"அமோகமாக! எதிர்க்கவும் ஆளில்லை, பாதியைச் சுமக்கவும் ஆளில்லை. என்னைப் போல ஒரு புத்திசாலிக் கழுதையை நீர் பார்த்திருக்கவே மாட்டீர்," என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நடந்தது சிங்காரம்.