ஒரு வரி வாழ்த்து

பசுமலை அலுவலகத்தில் தமிழ்மாறன், எதிர்மேஜை சரண்யாதேவியிடம், தட்டச்சு செய்து வைத்த வாழ்த்தோடு கைப்பேசியை நீட்டினான்.

“முன்னாள் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாமா, மேடம்?”

“உங்க பிறந்தநாளுக்கு வாழ்த்து வந்துச்சா?”

“ஒரு வரி வந்துச்சு.”

“அப்ப நீங்களும் ஒரு வரி அனுப்புங்க. எதுக்கு இம்புட்டு நீளம்? ‘செல்லம்’, ‘மறக்க முடியல’ ரெண்டையும் தூக்குங்க. அந்தச் சிவப்பு ஹார்ட்டும் வேணாம். பதில் போடச் சொல்லியும் கேக்காதீங்க.”

கடைசியில் மிஞ்சியது, ‘பிறந்தநாள் வாழ்த்துகள், நல்லா இருங்க.’

காவியம் எழுதி முடித்தவன்போல் அனுப்பினான்.

சரண்யாதேவியின் கைப்பேசி ‘டிங்’ என்றது. எடுத்துப் படித்தாள்.

“நன்றி. சேந்து வாழ்ந்த ஆறு வருசமும் என் வாழ்த்த நான்தான் எழுதிக் குடுத்தேன். விவாகரத்து வாங்கியும் அந்த வேலை விட்டபாடில்ல!”