தம்பியிடமும் சாவி கேட்கும் பூட்டு

என் பூட்டுப் பட்டறை மேசையில் சன்னல் வெயில் விழுந்து பித்தளைத் தூளெல்லாம் மின்னுகிறது. மூன்று வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் படியேறி வந்த தம்பி, என் குறள் வெண்பாவை வாசித்துவிட்டு முகம் சுருங்கி நிற்கிறான். பன்னிரண்டு மணிக்குள் நூலகத்துப் போட்டியில் சேர்க்க வேண்டும். தலைப்பு பூட்டு; ஏழாவது சீராக அந்தச் சொல்லே வந்து முடிய வேண்டும்.

தம்பியே வந்தாலும் சாவியைக் கேட்கின்ற
நம்பும் மனமிலாப் பூட்டு

"என்னைத்தானே குத்துறே? 'நம்பும் மனத்துப் பூட்டு'ன்னு மாத்துண்ணே." அவன் முகத்துக்காக மாற்றிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. யார் சொன்னாலும் சீரைத் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டேன். சாவியால் மேசையில் தட்டுகிறேன். மனத்-துப்: நிரை, நேர். அது மாச்சீர், அதன்பின் நிரைதான் வர வேண்டும். பூட்டோ நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. மன-மிலாப்: நிரை, நிரை. இது விளச்சீர், அதன்பின் நேர் வரலாம். பூட்டு, கடைசிச் சீருக்குரிய 'காசு' வாய்பாட்டில் கச்சிதமாக உட்கார்ந்து கொள்கிறது. "நிக்கலைடா. நம்புறவன் எதுக்குச் சாவி கேக்கப் போறான்?" தம்பி சிரித்துவிடுகிறான். "மூணு வருஷமாகியும் உன் பல்லு மழுங்கலை. குடு, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்." "வழியில மாத்திடுவே. நானே வர்றேன்." கடையைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். தம்பியும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறான்.