வெட்டி எடுத்த இடம்

“அடிப்பாவி! உயிரான இடத்தையே வெட்டித் தூக்கிட்டியேடி!”

பாஸ்டரம்மா போட்ட சத்தத்தில் சர்ச் ஆபீஸ் ரூமே அதிர்ந்தது. மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்; திரையில் ஒரு வீடியோ.

காலையில் டீன் ஏஜ் பெண்களுக்கென்று அம்மா செய்த பிரசங்கம் அது. வீடியோ எடுப்பதும், வெட்டி ஒட்டி அனுப்புவதும் எப்போதும் மகள் பொறுப்பு.

உண்மையைச் சொன்னால், பிரசங்கமே அவளுக்காகத்தான். பதினைந்து வயசு. கொஞ்ச நாளாகக் கண்ணாடி பக்கமே போவதில்லை. தட்டில் போட்டது பாதி அப்படியே கிடக்கிறது. போட்டோ என்றால் கேமராவுக்குப் பின்னால் ஓடி ஒளிகிறாள். நேரில் கேட்டால் முறைப்பு. ஊரோடு சேர்ந்தாவது காதில் விழட்டுமே என்று பெற்றவள் மனசு அடித்துக்கொண்டது.

“‘நீங்க எல்லாருமே அழகு’ன்னு சொல்லிட்டு உக்கார எனக்குத் தெரியாதா? அப்படிச் சொன்னா மறுபடியும் அழகுதானே அளவுகோல்? கடவுளுக்கு உடம்பே கிடையாது. அப்போ நம்மைத் தன் சாயலா படைச்சார்னா, அந்தச் சாயல் மூக்கும் நிறமும் இடுப்புமா? அந்தச் சாயல் நாம சம்பாதிச்சதும் இல்ல, குண்டானா குறைஞ்சு போறதும் இல்ல. படைக்கும்போதே குடுத்தது. சரி, இதெல்லாம் விட்டுவச்சிருக்கே. அந்த ராஜா கதை எங்க?”

“எடுத்துட்டேன்.”

“அதானே கேக்கறேன், ஏன்? அந்தக் காலத்து ராஜா, தான் இல்லாத ஊர்ல தன் சிலையை நிறுத்துவான். அதுமேல கல் எறிஞ்சா ராஜா மேலயே எறிஞ்ச மாதிரி. ஒரு முகத்தைப் பழிச்சா, அந்தச் சாயலுக்குச் சொந்தக்காரரையே பழிச்சதாகும். அது நம்ம சொந்த முகமா இருந்தாலும் சரிதான். இந்த இடத்துலதானே அத்தனை பிள்ளைங்களும் அழுதுச்சு! உனக்கு மட்டும் என்ன கல் நெஞ்சா?”

மகள் வெட்டி எடுத்த துண்டை ஓடவிட்டாள்.

திரையில் பாஸ்டரம்மா பக்கவாட்டில் திரும்பி நின்று ராஜா கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவர் கை தானாகப் போய்த் தாடைக்குக் கீழே தொங்கிய சதையை மறைத்தது.

“அந்தக் கதை முழுக்க இப்படித்தாம்மா நிக்கிறே. போன தடவை இப்படி ஒண்ணு வந்தப்போ, ‘சீ, இதெல்லாம் ஒரு மூஞ்சியா, இதை எவ பாப்பா, வெட்டித் தள்ளு’ன்னு சொல்லிட்டு நீ அழுதே. மறுபடி அழ வேண்டாமேன்னு நானே எடுத்துட்டேன்.”

பாஸ்டரம்மா தாடையிலிருந்து கையை எடுத்தார்.

“கதை நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா…” மகள் திரையில் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். “என்னைப் பாக்கறவங்க எல்லாரும், ‘அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா’ன்னுதானேம்மா சொல்றாங்க?”