உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு தச்சர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். நர்ஸ் படிவத்தை நிரப்பினாள்.

“பேஷன்ட்டோட மனைவி பேரு?”

“கல்யாணம் ஆகலைங்க.”

“நாற்பது வயசாச்சே! காதல் தோல்வியா?”

“இல்லைங்க.”

“பார்த்துக்க ஒருத்தி இருந்திருந்தா மாரடைப்பு வரைக்கும் விட்டிருப்பாளா? சரி, நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.”

டிக் அடித்தாள். “ஒருத்தருக்குத்தான் அனுமதி. போங்க.”

அரை மணி கழித்து இன்னொருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“நீங்க?”

“பேஷன்ட்டோட அண்ணன்.”

“அண்ணன்தான் ஏற்கெனவே உள்ள இருக்காரே! கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

“நாங்க ரெண்டே பேர்தாம்மா. உள்ள இருக்கறவர் என் தம்பியோட துணை. பன்னிரண்டு வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்தறாங்க. போன தடவை தம்பியை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப அவர் உண்மையைச் சொன்னதுக்கு, ‘சிநேகிதருக்கெல்லாம் அனுமதி இல்லை’ன்னு வெளியவே நிறுத்திட்டாங்க. அதான் அண்ணன்னு சொல்லிடுங்கன்னு போன்ல நானே சொன்னேன்.”

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர். வேறு கட்டம் இல்லை.

“விதிப்படி நீங்கதான் சார் உள்ள இருக்கணும். அவரைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்மா. கண் முழிச்சா தம்பி அவரைத்தான் தேடுவான்.”

அண்ணன் வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.